டையோடு ஃபங்ஷன் ஜெனரேட்டர்: x²/10 வளைகோட்டை ஐந்து நேர்கோடுகளில் வரைவது

உள்ளே வரும் மின்னழுத்தம் x என்றால் வெளியே x²/10 வர வேண்டும். பெருக்கி சிப் கிடையாது, மைக்ரோகன்ட்ரோலரும் கிடையாது. ஒரு ஆப்-ஆம்ப், நான்கு டையோடு, சில ரெசிஸ்டர்கள், ஒரு நிலையான −10 வோல்ட். வளைகோட்டை வளைவாகவே தருவதை விட்டுவிட்டு, அதன் மேல் ஐந்து நேர்கோட்டுத் துண்டுகளைப் படுக்க வைக்கிறோம். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் பிரேக்பாயிண்டில் ஒரு டையோடு திறந்து, சாய்வைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது. அது எந்த மின்னழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பயாஸ்.

1950களிலும் 60களிலும் அனலாக் கணினிகளில் இந்தச் சுற்று தனிப் பெட்டியாகவே வந்தது. வால்வு இயந்திரங்களில் முழு அளவு 100 வோல்ட். டிரான்சிஸ்டர் வந்த பிறகு 10 வோல்ட். இந்த மாற்றம் நமக்கு முக்கியம். டையோடின் அரை வோல்ட் 100 வோல்ட்டில் வெறும் 0.5 சதவீதம், 10 வோல்ட்டில் 5 சதவீதம். டையோடை வெறும் ஸ்விட்ச் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் 10 வோல்ட் சுற்று கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிழைபடும். கீழே வரும் கணக்குகளில் பாதிக்கு மேல் அந்த அரை வோல்ட்டைச் சமாளிப்பதைப் பற்றியவைதான்.

ஒரு கிளை எப்படி வேலை செய்கிறது

ஆப்-ஆம்பை இன்வர்ட்டிங் முறையில் வைக்கிறோம். பிளஸ் முனை கிரவுண்டில். மைனஸ் முனைதான் எல்லா மின்னோட்டங்களும் வந்து சேரும் கூட்டுமுனை. வெளியீட்டிலிருந்து அங்கே வரும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் Rf. ஃபீட்பேக் இருக்கும்வரை அது 0 வோல்ட்டிலேயே நிற்கும்.

x-இலிருந்து ஒரு ரெசிஸ்டர் Rin. −10 வோல்ட்டிலிருந்து இன்னொரு ரெசிஸ்டர் Rb. இரண்டும் ஒரு முனையில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பிலிருந்து டையோடு கூட்டுமுனைக்குப் போகிறது. ஆனோடு சந்திப்புப் பக்கம், கேத்தோடு கூட்டுமுனைப் பக்கம்.

x சிறிதாக இருக்கும்போது Rb சந்திப்பைக் கீழே இழுத்து வைக்கிறது. சந்திப்பு மைனஸில் இருப்பதால் டையோடு மூடியிருக்கும், இந்தக் கிளையிலிருந்து வெளியீட்டுக்கு எதுவும் போகாது. x ஏற ஏற சந்திப்பும் ஏறும். அது டையோடின் திறப்பு மின்னழுத்தம் Vd-ஐத் தொட்டதும் டையோடு திறக்கிறது. அதற்குப் பிறகு x எவ்வளவு கூடுகிறதோ, அது முழுவதும் Rin வழியாக மின்னோட்டமாக மாறிக் கூட்டுமுனைக்குப் போகும். ஆக, ஒரு கிளை சேர்க்கும் சாய்வு Rf/Rin. அது தொடங்கும் இடத்தை வைப்பது Rb. இரண்டும் தனித்தனி வேலை. Rin-ஐ முதலில் நிறுத்திவிட்டு Rb-ஐ மட்டும் திருகினால் சாய்வு மாறாமல் பிரேக்பாயிண்ட் மட்டும் நகரும். இதற்காகத்தான் ட்ரிம்பாட்டை Rb-இல் வைக்கிறோம். Rin-இல் வைத்தால் சாய்வும் பிரேக்பாயிண்டும் சேர்ந்தே நகரும், சரிசெய்யும் வேலை முடியவே முடியாது.

முதலில் காகிதத்தில்: பிரேக்பாயிண்டும் சாய்வும்

x 0 முதல் 10 வோல்ட் வரை. இதை 2 வோல்ட் வீதம் ஐந்து துண்டாக்குவோம். x²/10-இன் மதிப்புகள்: 0-இல் 0, 2-இல் 0.4, 4-இல் 1.6, 6-இல் 3.6, 8-இல் 6.4, 10-இல் 10. அடுத்தடுத்த புள்ளிகளை நாண் போட்டு இணைத்தால் சாய்வுகள் 0.2, 0.6, 1.0, 1.4, 1.8. ஒவ்வொரு பிரேக்பாயிண்டிலும் சாய்வு சரியாக 0.4 கூடுகிறது. இருபடி வளைகோட்டைச் சம துண்டுகளாகப் பிரித்தால் இப்படித்தான் வரும். அதனால் நான்கு கிளைகளுக்கும் ஒரே Rin போதும்.

பிழை எவ்வளவு? ஒவ்வொரு துண்டின் நடுவிலும் நாண் வளைகோட்டுக்கு மேலே நிற்கும். எடுத்துக்காட்டாக x=5-இல் வர வேண்டியது 2.5, நாண் தருவது 2.6. எல்லாத் துண்டிலும் இதே 0.1 வோல்ட்தான். பிழை எப்போதும் ஒரே பக்கம் இருப்பதால், முழுக் கோட்டையும் 0.05 வோல்ட் கீழே இறக்கினால் அது +0.05-க்கும் −0.05-க்கும் இடையில் அடங்கும். முழு அளவில் 0.5 சதவீதம்.

துண்டுகளை இரட்டிப்பாக்கினால் பிழை நான்கில் ஒன்றாகக் குறையும். அதனால் பத்துத் துண்டு போடலாமே என்று கை பரபரக்கும். வெப்பநிலைக் கணக்கைப் பார்க்கும்வரை அந்த ஆசையைத் தள்ளி வையுங்கள்.

ரெசிஸ்டர் மதிப்புகள்

Rf-ஐ 20 கிலோ ஓம் என்று வைப்போம். முதல் துண்டுக்குச் சாய்வு 0.2, அதற்கு டையோடே வேண்டாம், x-இலிருந்து நேரே கூட்டுமுனைக்கு 100 கிலோ ஓம் ஒன்று, அவ்வளவுதான். மற்ற நான்கு கிளைகளில் சாய்வு 0.4 என்பதால் Rin 50 கிலோ ஓம். இதற்கு இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை இணையாகப் போடுவதே நல்லது. ஒரே கட்டிலிருந்து எடுத்த 1 சதவீத 100 கிலோ ஓம் ஒன்பது இருந்தால் உள்ளீட்டுப் பக்கம் முழுதும் முடிந்துவிடும். ஒரே கட்டு என்பதால் ஒன்றுக்கொன்று நன்றாகவே ஒத்துப்போகும்.

இனி Rb. டையோடின் Vd-ஐயும் சேர்த்தால் சூத்திரம் இது:

```
xb = Vd + Rin × (Vref + Vd) / Rb
Rb = Rin × (Vref + Vd) / (xb − Vd)
```

இங்கே xb என்பது பிரேக்பாயிண்ட், Vref என்பது 10, அதாவது பயாஸின் அளவு. Vd எவ்வளவு என்று வைப்பது? டையோடைப் பற்றிப் பேசும்போது வழக்கமாகச் சொல்லும் 0.7 வோல்ட் இங்கே பொருந்தாது. நம் கிளைகளில் ஓடுவது சில பத்து மைக்ரோ ஆம்பியர்தான். ஒரு கிளை அடுத்த பிரேக்பாயிண்டை அடையும்போது 2 வோல்ட்டை 50 கிலோ ஓமால் வகுத்த 40 மைக்ரோ ஆம்பியர் ஓடும். அந்த அளவில் 1N4148 ஏறக்குறைய 0.5 வோல்ட் காட்டும். 0.5 என்றே வைத்துக் கணக்கிட்டால் வருவது:

| பிரேக்பாயிண்ட் | Rb | நிலையான பகுதி + ட்ரிம்பாட் |
|---|---|---|
| 2 வோல்ட் | 350 கிலோ ஓம் | 300 + 100 |
| 4 வோல்ட் | 150 கிலோ ஓம் | 120 + 50 |
| 6 வோல்ட் | 95.5 கிலோ ஓம் | 82 + 20 |
| 8 வோல்ட் | 70 கிலோ ஓம் | 62 + 20 |

Vd-ஐ மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது. 2 வோல்ட்டுக்கு 250, 8 வோல்ட்டுக்கு 62.5 கிலோ ஓம் என்று வரும். அந்த மதிப்புகளைப் போட்டால் உண்மையான பிரேக்பாயிண்டுகள் 2.6, 4.7, 6.8, 8.9 வோல்ட்டில் விழும். நான்கும் தாமதமாகத் திறப்பதால் x=10-இல் வெளியீடு 10-க்குப் பதில் 8.8 வோல்ட்தான் வரும். கட்டிய சுற்று கடைசியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைவாகக் காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

0.05 வோல்ட் இறக்கத்துக்கு −10 வோல்ட்டிலிருந்து கூட்டுமுனைக்கு நேரே 3.9 மெகா ஓம் ஒன்று. இது இன்வர்ட்டிங் சுற்று என்பதால் வெளியீடு மைனஸில் வரும்: x=10-இல் −10 வோல்ட். 'இறக்குவது' என்றால் வெளியீட்டை 0.05 வோல்ட் பிளஸ் பக்கம் தள்ளுவது. பிளஸ் வெளியீடுதான் வேண்டும் என்றால் பின்னால் இன்னொரு இன்வர்ட்டர் போட்டுக்கொள்ளலாம்.

கட்டும்போது

ஆப்-ஆம்ப் TL071 போதும். உள்ளீட்டுக்கு ஒரு பஃபரும் வேண்டும் என்பதால் TL072 எடுத்தால் ஒரே சிப்பில் இரண்டும் முடியும். சப்ளை ±15 வோல்ட். ±12-இலும் ஓடும், ஆனால் 10 வோல்ட் வெளியீட்டுக்கு மேலே இடம் மிகக் குறைவு.

பஃபரை விட்டுவிடாதீர்கள். ஐந்து கிளைகளும் சேர்ந்து உள்ளீட்டின் மேல் ஏற்றும் சுமை ஏறத்தாழ 11 கிலோ ஓம் வரை இறங்கும். அதுவும் டையோடுகள் திறக்கத் திறக்க மாறிக்கொண்டே இருக்கும். 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் நடுமுனையை நேரே x என்று கொடுத்தால் x-ஏ வளைந்துவிடும். பிறகு பிரேக்பாயிண்ட் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்பதாகத் தோன்றும். குற்றம் டையோடில் இல்லை.

−10 வோல்ட் எங்கிருந்து எடுப்பது என்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். 1 சதவீதம் நகர்ந்தால் நான்கு பிரேக்பாயிண்டும் ஒரே பக்கம் நகரும், x=10-இல் வெளியீடு 0.07 வோல்ட் மாறும். துண்டுகளால் வரும் பிழையையே இது தாண்டிவிடுகிறது. −15 வோல்ட் சப்ளையை இரண்டு ரெசிஸ்டரால் பிரித்து எடுத்தால் சப்ளை அசையும்போதெல்லாம் வளைகோடும் அசையும். LM4040-இன் 10 வோல்ட் வகையைப் போட்டு, அதன் கேத்தோடைக் கிரவுண்டிலும் ஆனோடை −10 லைனிலும் வைத்து, அங்கிருந்து −15-க்கு 2.2 கிலோ ஓம் கொடுங்கள். அந்த ரெசிஸ்டர் 2 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் தரும். நான்கு Rb-யும் சேர்ந்து எடுப்பது 0.4-க்கும் குறைவு. மீதி LM4040-க்குத் தாராளமாகப் போதும். −10 லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 100 நானோ ஃபாரட்.

Rf-ஐ 18 கிலோ ஓமும் 5 கிலோ ஓம் ட்ரிம்பாட்டும் தொடராக வைத்து, அதற்கு இணையாக 47 பிக்கோ ஃபாரட் போடுங்கள். பல டையோடுகளும் கம்பிகளும் கூட்டுமுனையில் சேர்வதால் அங்கே தேவையற்ற கெப்பாசிட்டன்ஸ் கூடும். அந்தச் சின்னக் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் வெளியீட்டில் ஆட்டம் வரக்கூடும். ட்ரிம்பாட்டுகள் எல்லாம் பல சுற்று வகையாக இருக்கட்டும்.

கட்டாயம் வேண்டியது இன்னொன்று: ஒவ்வொரு டையோடின் கேத்தோடுக்கும் கூட்டுமுனைக்கும் இடையில் ஒரு ஜம்பர். நான்கு ஜம்பர். இது இல்லாமல் சரிசெய்வது வீண் முயற்சி. காரணம் அடுத்த பகுதியில்.

சரிசெய்யும் வரிசை

எல்லா ஜம்பரையும் கழற்றிவிட்டு, சப்ளை கொடுத்து 15 நிமிடம் விடுங்கள். அளக்க நாலரை இலக்க மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

முதலில் x=0. வெளியீடு +0.05 வோல்ட் அருகே இருக்க வேண்டும். பிறகு x=10.00 வோல்ட் வைத்து, Rf ட்ரிம்பாட்டைத் திருகி −1.95 வோல்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். முதல் துண்டின் சாய்வு 0.2, அதை 2 வோல்ட்டில் அளப்பதைவிட 10 வோல்ட்டில் அளந்தால் ஐந்து மடங்கு துல்லியம் கிடைக்கும். மற்ற கிளைகள் கழன்று இருப்பதால்தான் இப்படிச் செய்ய முடிகிறது. இதற்குப் பிறகு Rf-ஐத் தொடாதீர்கள்.

இப்போது முதல் ஜம்பரை மட்டும் மாட்டி, x=4.00 வைத்து, 2 வோல்ட் கிளையின் ட்ரிம்பாட்டைத் திருகி வெளியீட்டை −1.55-க்குக் கொண்டு வாருங்கள். அடுத்து இரண்டாவது ஜம்பர், x=6.00, இலக்கு −3.55. மூன்றாவது ஜம்பர், x=8.00, இலக்கு −6.35. நான்காவது, x=10.00, இலக்கு −9.95.

பிரேக்பாயிண்டிலேயே அளக்காமல் அதற்கு 2 வோல்ட் மேலே அளப்பது ஏன்? பிரேக்பாயிண்டில் டையோடு பாதி திறந்தும் பாதி மூடியும் இருக்கும். அங்கே எண் கலங்கலாகவே வரும். துண்டின் கடைசியில் அந்தக் கிளை முழுவதும் திறந்திருக்கும், அங்கே எண் தெளிவு. ஆனால் அதே இடத்தில் அடுத்த கிளை மெல்லத் திறக்கத் தொடங்கிவிடும் என்பதால் அதன் ஜம்பர் கழன்றிருக்க வேண்டும்.

கீழிருந்து மேலே போவதற்கும் காரணம் உண்டு. 1N4148-இல் மின்னோட்டம் பத்து மடங்கானால் Vd ஏறத்தாழ 0.1 வோல்ட் கூடும். 2 வோல்ட் கிளையைச் சரிசெய்தபோது அதில் 40 மைக்ரோ ஆம்பியர்; x=10 வரும்போது 160. அதனால் அது கொஞ்சம் தொய்ந்து, கொடுக்க வேண்டியதைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுக்கும். மேலே உள்ள ஒவ்வொரு கிளையையும் முந்தைய கிளைகள் மாட்டியிருக்கும்போதே சரிசெய்தால், அந்தத் தொய்வையும் புதிய கிளை தானே ஈடுகட்டிவிடும். நான்காவது கிளையின் பிரேக்பாயிண்ட் இதனால் 8.0-க்குப் பதில் 7.9 அருகே வந்து நிற்கலாம். அது தவறல்ல. மேலிருந்து கீழே வந்தால், கீழே திருகும் ஒவ்வொரு ட்ரிம்பாட்டும் மேலே செய்து முடித்ததைக் கலைத்துவிடும்.

அளந்து பார்க்கும்போது என்ன தெரியும்

எல்லா ஜம்பரும் மாட்டிய பிறகு 0 முதல் 10 வரை 0.5 வோல்ட் வீதம் அளந்து, வெளியீட்டின் குறியைத் திருப்பி, ஒவ்வொன்றிலும் x²/10-ஐக் கழித்துப் பிழையை வரையுங்கள். வளைகோட்டையே வரைந்தால் எதுவும் தெரியாது. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே படும். பிழையை வரைந்தால்தான் ஒவ்வொரு டையோடும் தன் முகத்தைக் காட்டும்.

காகிதக் கணக்குப்படி பிரேக்பாயிண்டுகளில் −0.05, துண்டுகளின் நடுவில் +0.05 என்று பற்கள் போல் வர வேண்டும். உண்மையில் நடுவில் +0.05 முதல் +0.07 வரையும், பிரேக்பாயிண்டுகளில் −0.05-க்குப் பதில் 0-ஐ ஒட்டியோ கொஞ்சம் பிளஸிலோ வரும். மூலைகள் உருண்டுவிட்டன. டையோடு ஒரே நொடியில் திறப்பதில்லை. பிரேக்பாயிண்டுக்குக் கொஞ்சம் முன்பே கசியத் தொடங்கி, அந்த இடத்துக்கு வரும்போது மூன்று நான்கு மைக்ரோ ஆம்பியர் ஓட விட்டிருக்கும். 20 கிலோ ஓம் Rf-இல் அது 0.06 முதல் 0.08 வோல்ட் வரை ஆகிறது.

இது நமக்கு உதவிதான். நேர்கோடுகள் வளைகோட்டிலிருந்து மிகவும் விலகிக் கீழே இருக்கும் இடம் மூலை. அங்கேயே டையோடு கோட்டைத் தூக்கிக் கொடுக்கிறது. பற்களின் உயரம் குறைந்துவிட்டது, மொத்தக் கோடும் சற்று மேலே ஏறிவிட்டது. 3.9 மெகா ஓமுக்குப் பதில் 2.7 மெகா ஓம் போட்டால் கோடு இன்னும் 0.02 வோல்ட் கொஞ்சம் மேலாக இறங்கும். இடைப்பட்ட பகுதி முழுவதும் பிழை 0.05-க்குள் வசதியாக அடங்கிவிடும். இதற்கு இரண்டு ஓரங்களிலும் விலை கொடுக்க வேண்டும்: x=0-இலும் x=10-இலும் பிழை 0.07 வரை போகும். x=0-இல் வெளியீடு சரியாக 0 வர வேண்டிய வேலை என்றால் அந்த மெகா ஓம் ரெசிஸ்டரையே எடுத்துவிடுங்கள்; பிழை ஒரே பக்கம் 0.12 வரை போகும், ஆனால் சுழி சுழியாகவே இருக்கும். எது முக்கியம் என்பதை உங்கள் பயன்பாடுதான் சொல்ல வேண்டும்.

இந்த உருளலின் அகலம் துண்டின் நீளத்தைப் பார்த்துக் குறையாது. அது டையோடின் குணம். முழு அளவு 1 வோல்ட் என்று வைத்து இதே சுற்றைக் கட்டினால் துண்டு 0.2 வோல்ட், உருளலும் கிட்டத்தட்ட அவ்வளவே. பிரேக்பாயிண்ட் என்று ஒன்று எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சிக்னல் சிறியதாக இருந்தால் முதலில் 10 வோல்ட்டுக்குப் பெருக்கிவிட்டுத்தான் இங்கே கொண்டு வர வேண்டும்.

வெப்பநிலை: உண்மையான எல்லை இங்கேதான்

டையோடின் Vd ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 2 மில்லி வோல்ட் குறையும். பிரேக்பாயிண்ட் அதே 2 மில்லி வோல்ட் நகர்வதோடு நிற்பதில்லை. மேலே உள்ள சூத்திரத்தில் Vd இரண்டு இடத்தில் வருகிறது. நகர்வு (1 + Rin/Rb) மடங்காகிறது. 2 வோல்ட் கிளையில் அது 1.14 மடங்கு, 8 வோல்ட் கிளையில் 1.71 மடங்கு.

நான்கும் சேர்ந்து 5.7 மடங்கு. 2 மில்லி வோல்ட்டால் பெருக்கி, சாய்வு 0.4-ஆலும் பெருக்கினால் x=10-இல் வெளியீடு டிகிரிக்கு 4.6 மில்லி வோல்ட் நகரும். அறை 10 டிகிரி சூடானால் 46 மில்லி வோல்ட். ஐந்து துண்டால் வரும் பிழையும் 50 மில்லி வோல்ட்தான். பத்துத் துண்டு போட்டு அந்த 50-ஐ 12.5 ஆக்கினாலும் பிற்பகல் வெயிலில் 46 வந்து அதை விழுங்கிவிடும். துண்டுகளைக் கூட்டுவதற்கு முன் டையோடை அடக்க வேண்டும்.

வெப்பநிலைதான் காரணம் என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. சூடேறினால் Vd குறையும், எல்லா டையோடும் முன்னதாகத் திறக்கும், வெளியீட்டின் அளவு கூடும். x=1-இல் எந்த டையோடும் திறந்திருக்காது, அங்கே வெளியீடு நகராது. x-ஐ ஏற்ற ஏற்ற நகர்வு படிப்படியாகக் கூடும். ஆப்-ஆம்பின் ஆஃப்செட் நகர்ந்திருந்தால் x=1-இலும் அது தெரிந்திருக்கும். நகர்வு படிப்படியாகக் கூடுவதால்தான் கூட்டுமுனையில் ஒரே ஒரு ஈடுகட்டும் டையோடைச் சேர்த்து இதைச் சரிசெய்ய முடியாது: x=10-இல் சரியாக ஈடுகட்டினால் x=1-இல் புதிய பிழை வரும்.

முறையான தீர்வு, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஆப்-ஆம்ப். நான்கு கிளைக்கு ஒரு TL074. x-இலிருந்து Rin, −10-இலிருந்து Rb, இரண்டும் அந்த ஆப்-ஆம்பின் மைனஸ் முனைக்கே போகின்றன. அந்த முனையிலிருந்து 50 கிலோ ஓம் ஒரு புள்ளிக்கு. அந்தப் புள்ளியிலிருந்து டையோடு ஆப்-ஆம்பின் வெளியீட்டுக்கு, கேத்தோடு வெளியீட்டுப் பக்கம். இன்னொரு டையோடு வெளியீட்டிலிருந்து மைனஸ் முனைக்கு, கேத்தோடு மைனஸ் முனைப் பக்கம். இப்போது அந்தப் புள்ளியில் பிரேக்பாயிண்டுக்குக் கீழே 0 வோல்ட்டும், மேலே −(x − xb)-யும் கிடைக்கும். Vd ஃபீட்பேக் வளையத்துக்குள் போய்விட்டதால் அதன் நகர்வு ஆப்-ஆம்பின் பெருக்கத்தால் வகுபட்டு மறைந்துவிடும். Rb மதிப்புகளும் Vd இல்லாத எளிய கணக்குக்குத் திரும்புகின்றன: 250, 125, 83.3, 62.5 கிலோ ஓம்.

நான்கு புள்ளிகளிலிருந்தும் 50 கிலோ ஓம் வழியாகக் கடைசிக் கூட்டுமுனைக்குக் கொண்டு போங்கள். இடையில் ஒரு முறை குறி திரும்பிவிட்டது என்பதால் வெளியீடு இப்போது பிளஸில் வரும். முதல் துண்டின் 100 கிலோ ஓமுக்கு −x கொடுக்க வேண்டும், 0.05 இறக்கத்தின் மெகா ஓம் ரெசிஸ்டரை +10 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். இந்த இரண்டையும் மறப்பதுதான் இந்த வடிவத்தில் அதிகம் நடக்கும் தவறு. மூலைகள் கூர்மையாகிவிடுவதால் உருளலின் உதவியும் போய்விடும். பிழை காகிதத்தில் போட்ட ±0.05-க்கே வந்து நிற்கும். பத்துத் துண்டு போடுவதில் அர்த்தம் வருவது இதற்குப் பிறகுதான்.

கோளாறுகளை அடையாளம் காண்பது

ஜம்பரை மாட்டியதும் x=0-இலேயே வெளியீடு பிளஸ் பக்கம் தாவினால் அந்த டையோடு தலைகீழாக இருக்கிறது. 8 வோல்ட் கிளையில் அப்படி நடந்தால் ஏறத்தாழ +2.5 வோல்ட் காட்டும். சரியாக மாட்டிய டையோடு x=0-இல் வெளியீட்டைத் துளியும் அசைக்கக் கூடாது; ஒவ்வொரு ஜம்பரையும் மாட்டும்போது இதை ஒரு தரம் பார்த்துவிட்டே மேலே போங்கள்.

ஏதோ ஒரு கிளை x அரை வோல்ட்டைத் தாண்டியதுமே திறந்துகொண்டால் அதற்குப் பயாஸ் வரவில்லை. ட்ரிம்பாட்டின் கால் ஒன்று ஒட்டாமல் இருக்கும், அல்லது −10 லைன் அங்கே அறுந்திருக்கும்.

Vd குறைவாக இருக்கட்டும் என்று ஷாட்கி டையோடோ ஜெர்மானியமோ போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. திறப்பு மின்னழுத்தம் குறையும், உண்மைதான். ஆனால் மூடியிருக்கும்போது கசியும். 8 வோல்ட் கிளையின் டையோடு x=0-இல் 4 வோல்ட்டுக்கு மேல் தலைகீழ் அழுத்தத்தில் இருக்கிறது. அங்கே 1 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலும் வெளியீட்டில் 20 மில்லி வோல்ட், அதுவும் சூடேற வேகமாகக் கூடும். x=0-இல் ஜம்பரை மாட்டும்போது சின்ன மாற்றம் தெரிந்தால் அது இந்தக் கசிவு. 1N4148-லேயே இருங்கள்.

வேகத்துக்கும் எல்லை உண்டு. டையோடு, கம்பி எல்லாம் சேர்ந்து சந்திப்பில் 10 பிக்கோ ஃபாரட் இருந்தால், 8 வோல்ட் கிளையில் Rin-உம் Rb-யும் இணையாகத் தரும் 29 கிலோ ஓமோடு சேர்ந்து 0.3 மைக்ரோ நொடி தாமதம் வரும். 20 கிலோ ஹெர்ட்ஸ் முக்கோண அலை அதற்குள் 0.1 வோல்ட்டுக்கு மேல் நகர்ந்துவிடும். ஆசிலோஸ்கோப்பை எக்ஸ்-ஒய் முறையில் வைத்துப் பார்த்தால் ஏறும் கோடும் இறங்கும் கோடும் ஒன்றின் மேல் ஒன்று படியாமல் பிரிந்து நிற்கும். 50 ஹெர்ட்ஸில் ஒரே கோடாக இருந்து, அதிர்வெண்ணைக் கூட்டும்போது பிரிந்தால் காரணம் இது போன்ற தாமதமே. எல்லா ரெசிஸ்டரையும், Rf உட்பட, ஐந்தில் ஒன்றாக்கினால் தாமதமும் ஐந்தில் ஒன்றாகும்; −10 வோல்ட் ரெஃபரன்ஸ் அப்போது ஐந்து மடங்கு மின்னோட்டம் தர வேண்டும் என்பதால் 2.2 கிலோ ஓமை 1 கிலோ ஓமாக மாற்றுங்கள்.

சாய்வு குறையும் வளைகோடுகள்

வர்க்கமூலம் போல மேலே போகப் போகத் தட்டையாகும் கோடு வேண்டும் என்றால், கிளை சாய்வைக் கூட்டக் கூடாது, கழிக்க வேண்டும். Rin-க்கு −x கொடுத்து, Rb-ஐ +10 வோல்ட்டில் கட்டி, டையோடைத் திருப்பி மாட்டுங்கள்: கேத்தோடு சந்திப்பில், ஆனோடு கூட்டுமுனையில். x பிரேக்பாயிண்டைத் தாண்டியதும் அந்தக் கிளை கூட்டுமுனையிலிருந்து மின்னோட்டத்தை வெளியே இழுக்கும், சாய்வு குறையும். Rb சூத்திரம் அப்படியே செல்லும். சைன் போல ஏறி இறங்கும் கோட்டுக்கு இரண்டு வகைக் கிளைகளையும் ஒரே கூட்டுமுனையில் சேர்க்கலாம். வர்க்கமூலத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: 0-க்கு அருகில் அதன் சாய்வு எல்லையில்லாமல் ஏறுவதால் அங்கே சம துண்டுகள் உதவாது. முதல் 1 வோல்ட்டுக்குள்ளேயே இரண்டு பிரேக்பாயிண்ட் வைக்க நேரும். அந்த இரண்டும் டையோடின் உருளல் அகலத்துக்கு மிக அருகில் வருவதால், அவற்றுக்கு மட்டுமாவது ஆப்-ஆம்ப் கிளை போட்டுவிடுங்கள்.